'எவர்கிரீன் பேஜ்' – தமிழ்ல என்ன சொல்லலாம்?

ஊட்டி ஹோம்ஸ்டே:

எல்லாருக்கும் வணக்கம். நம்ம மலைல ஹோம்ஸ்டே, டாக்சி நடத்துறவங்களுக்காக வெப்சைட் பராமரிப்பு பத்தி ஒரு சின்ன கைடு எழுதிட்டிருக்கேன், அதுல ஒரு வார்த்தைல மாட்டிக்கிட்டேன். மலர்க் கண்காட்சி மாதிரி வருஷா வருஷம் வர்ற விழாவுக்கு ஒவ்வொரு தடவையும் புதுப் பக்கம் போடாம, ஒரே முகவரில ஒரே பக்கத்த வெச்சுக்கிட்டு சீசனுக்கு சீசன் உள்ள இருக்கறத மட்டும் புதுப்பிக்கிறோம்ல, அந்தப் பக்கத்த இங்கிலீஷ்ல 'எவர்கிரீன் பேஜ்'ங்கிறாங்க, தமிழ்ல என்ன பேர்?

இத எழுதணும்னு தோணினதே நான் பண்ண கூத்தால தான். எங்க சைட்ல `ooty-flower-show-2022`, `-2023`, `-2024`னு மூணு பக்கம். 2024 ஏப்ரல்ல கூகுள்ல தேடினா மேல வந்து நிக்கிறது 2022 பக்கம். அந்த வருஷம் மே 20 ஆரம்பிச்சுது, 2024ல மே 10ஏ ஆரம்பிச்சிட்டாங்க. பழைய தேதிய பாத்துட்டு ரூம் கேட்டு ஃபோன் பண்ணவங்கள நான் எண்ணவே இல்ல, ஒருத்தர் ட்ரெய்ன் டிக்கெட்டே போட்டுட்டார், பாவம்.

கோத்தகிரி:

இதுல யோசிக்க என்ன இருக்கு? பசுமைமாறாக் காடுன்னு பாடப் புத்தகத்துலயே இருக்கு, சோலைக்காட்ட அப்படித்தான சொல்றோம். 'பசுமைமாறாப் பக்கம்'னு வெச்சுட்டுப் போங்க. அப்புறம் ஒரு டிப்ஸ், பக்கத்துல இருக்கிற தேதிய மட்டும் மாத்தி சேவ் பண்ணாலே போதும், கூகுளுக்குக் குடுக்கிற பக்கப் பட்டியல் இருக்குல்ல, அந்த சைட்மேப்ல `lastmod`ங்கிற கடைசியா மாத்தின தேதி மாறிடும், கூகுள் புதுசுன்னு நெனச்சுக்கும். நான் அப்படித்தான் பண்றேன்.

கூடலூர்:

பசுமைப் பக்கம்னா ரொம்ப நல்லது. எங்க கடைல பிளாஸ்டிக் கவர நிறுத்தி பல வருஷம் ஆச்சு, மஞ்சப்பை தான். கைடுல அதையும் சேத்துக்கோங்க.

ஊட்டி ஹோம்ஸ்டே:

அண்ணா, அந்தப் பசுமை இல்லீங்கண்ணா 🙂 ஆனா நீங்க தப்பா புரிஞ்சுக்கிட்டதே எனக்கு ஒரு பதில் தான், 'பசுமை'ன்னு வெச்சா எல்லாரும் இப்படித்தான் படிப்பாங்க.

குன்னூர்:

கோத்தகிரி தம்பி சொன்ன பேர்லயும் டிப்ஸ்லயும் எனக்கு ஒரே சிக்கல் தான், அது மாறவே மாறாத ஒண்ணக் குறிக்குது. சோலைல இல மொத்தமா உதிர்றதில்ல, அதனால பசுமைமாறா. விழாப் பக்கம் அப்படி இல்லையே. ஜூன்ல அத யாரும் சீண்ட மாட்டாங்க, ஜனவரி பிப்ரவரில மறுபடி தேட ஆரம்பிப்பாங்க. 'வர்க்கி செய்வது எப்படி'ன்னு ஒரு பக்கம் இருந்தா அத பசுமைமாறான்னு சொல்லலாம், எந்த மாசமும் ஆள் வரும்.

`lastmod` விஷயத்துல நீங்க சொன்னது பாதி சரி. கூகுள் அதப் பாக்கும், ஆனா பக்கத்துல நெஜமாவே மாறினதோட ஒத்துப்போனா தான் மதிக்கும். ஒண்ணும் மாறாம தேதி மட்டும் மாறிட்டே இருந்தா, அந்த சைட்டோட `lastmod`ஐயே நம்பாம விட்டுடும். அப்புறம் நெஜமா மாத்துற அன்னைக்கும் பிரயோஜனம் இல்ல.

ஊட்டிக்காரர் கேஸுக்கு வர்றேன். 2022 பக்கம் மேல நின்னதுக்குக் காரணம் அதுக்கு வெளில இருந்து யாராவது லிங்க் குடுத்திருப்பாங்க, சரியா? புது முகவரி போடுறப்பல்லாம் அந்த மதிப்ப பழைய முகவரிலயே விட்டுட்டு வெறுங்கையோட ஆரம்பிக்கிறீங்க, அதுக்கு மேல உங்க மூணு பக்கமும் ஒரே தேடலுக்கு ஒண்ணோட ஒண்ணு மோதுது. வருஷம் இல்லாம `/ooty-flower-show/`னு ஒரே முகவரி வெச்சு மூணையும் அங்க நிரந்தரமா திருப்பி விடுங்க, அப்பாச்சி சர்வர்னா `.htaccess` ஃபைல்ல இப்படி:

```
Redirect 301 /ooty-flower-show-2022/ /ooty-flower-show/
Redirect 301 /ooty-flower-show-2023/ /ooty-flower-show/
Redirect 301 /ooty-flower-show-2024/ /ooty-flower-show/
```

மூணும் நேரா அங்கயே போகணும், 2022ல இருந்து 2023, அங்கிருந்து 2024னு சங்கிலி போடாதீங்க. சோம்பேறித்தனமா முகப்புப் பக்கத்துக்குத் திருப்பினா 'பக்கமே இல்ல'ன்னு தான் கூகுள் எடுத்துக்கும். வேர்ட்பிரஸ்ஸா இருந்தா இன்னொரு பொறி இருக்கு, முன்னாடி எப்பவோ `ooty-flower-show.jpg`னு ஒரு படம் ஏத்தியிருந்தீங்கன்னா அந்தப் பேர அது பிடிச்சு வெச்சிருக்கும், உங்க பக்கம் `ooty-flower-show-2`ன்னு போய் உக்காந்துக்கும்.

பேருக்கு வருவோம். மலர்க் கண்காட்சி தொட்டிலயே பதில் இருக்கு. சால்வியா, பெட்டூனியா எல்லாம் வருஷா வருஷம் விதை போட்டு வளக்கிறது. ஹைட்ராஞ்சியா அதே செடி, வெட்டி விட்டா அடுத்த சீசனுக்கு மறுபடி பூக்கும். தோட்டக்கலைல இத பல்லாண்டுத் தாவரம்னு தான் சொல்றாங்க. அதனால 'பல்லாண்டுப் பக்கம்'. வருஷத்துக்கு ஒருதடவ புதுப்பிக்கிற வேலைக்கு 'கவாத்து'. எங்கப்பா தேயிலத் தோட்டத்துல கவாத்து பாத்தவர், அதனால எனக்கு அந்த வார்த்த மேல கொஞ்சம் பாசம், ஒத்துக்கறேன்.

கொடைக்கானல்:

பல்லாண்டுப் பக்கம் நல்லாருக்கு மேடம். எங்க கேஸ் வேற மாதிரி. 2018ல குறிஞ்சி பூத்தப்போ ஒரு பக்கம் போட்டேன், நல்ல கூட்டம். அடுத்தது 2030. பன்னெண்டு வருஷம் வெச்சிருக்கணுமா? அதுவும் பல்லாண்டா?

குன்னூர்:

வெச்சிருங்க சார், முகவரில 2018 இருந்தா மட்டும் எடுத்துடுங்க. ஆனா நீங்க எடுத்த செடி தான் எனக்கு எதிர் உதாரணம்! குறிஞ்சி பூத்து விதை விட்டதும் செடி செத்துப்போகும், அடுத்த பூ புதுச் செடில. ஊட்டிக்காரர் மொதல்ல செஞ்சது தான் 'குறிஞ்சிப் பக்கம்'.

கோத்தகிரி:

சரி அக்கா, தேதி விஷயம் ஒத்துக்கறேன். ஆனா கவாத்துன்னா தஞ்சாவூர்க்காரருக்குப் புரியுமா? அங்க கவாத்துன்னா போலீஸ் பரேடுன்னு நெனப்பாங்க. 'ஆண்டுப் புதுப்பிப்பு'ன்னு நேரா சொல்லிடலாமே.

குன்னூர்:

போலீஸ் கவாத்து ஞாபகமே வரல, நல்ல பாயிண்ட். ஆனாலும் விட மனசில்ல, ஏன்னா புதுப்பிப்புன்னா சேக்கிறது மட்டும் தான் தோணுது. இதுல பாதி வேல வெட்டுறது தான். போன வருஷ டிக்கெட் விலை, போன வருஷ பார்க்கிங் மாத்தம், இதெல்லாம் உள்ள கெடந்தா புதுத் தேதிக்கு கீழ பழைய தகவல் நிக்கும். ஊட்டிக்கு வண்டில வர்றவங்க எடுக்கிற இ-பாஸயே எடுத்துக்கோங்க, 2024 மே 7ல இருந்து தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி எழுதின பக்கத்துல 'நேரா கிளம்பி வாங்க'ன்னு ஒரு வரி இருந்திருக்கும், தேதிய மட்டும் மாத்தினவர் கண்ணுக்கு அது படவே படாது.

ஊட்டி ஹோம்ஸ்டே:

எங்க பக்கத்துல அந்த வரி இப்பவும் இருக்கு, இப்பத்தான் பாத்தேன் 😬. இன்னொண்ணு கேக்கணும். ஜனவரில கவாத்து பண்றப்ப அரசு தேதி அறிவிச்சிருக்காது. என்ன போடுறது?

குன்னூர்:

'தேதி இன்னும் அறிவிக்கல, வழக்கமா மே மாசம்'னு எழுதிட்டு கீழ போன ரெண்டு மூணு வருஷத் தேதிய குடுங்க, ஜனங்க உத்தேசமா முடிவு பண்ணிக்குவாங்க. தேடல் எஞ்சினுக்காக உள்ள எழுதுற `Event` குறிப்புல மட்டும் ஊகத் தேதிய `startDate`ன்னு போட்டுடாதீங்க, அறிவிப்பு வந்தப்பறம் சேத்துக்கலாம். திருப்பி விட்டது வேல செஞ்சுதான்னு பாக்கணும்னா, சில வாரம் கழிச்சு கூகுளோட சர்ச் கன்சோல்ல 'ஊட்டி மலர்க் கண்காட்சி' தேடலுக்கு எந்த முகவரி காட்டுதுன்னு பாருங்க. ரெண்டு முகவரி வந்தா இன்னும் மோதிட்டிருக்குன்னு அர்த்தம்.

கொடைக்கானல்:

மேடம், 2022 பக்கத்துல இருந்த ஃபோட்டோவெல்லாம் திருப்பி விட்டா போயிடுமே? எனக்குப் பழசு பாக்கப் பிடிக்கும். `/ooty-flower-show/photos-2022/`ன்னு உள்ள ஒரு காப்பகமா வெக்கலாம்ல?

குன்னூர்:

வெக்கலாம், தலைப்பு தெளிவா '2022 படங்கள்'னு இருந்து, மேல பல்லாண்டுப் பக்கத்துக்கு லிங்க் இருந்தா. அப்ப பழைய `-2022` முகவரிய காப்பகத்துக்குத் திருப்பணுமா, பெரிய பக்கத்துக்கா? லிங்க் குடுத்தவங்க அந்த வருஷப் படத்துக்காகக் குடுத்தாங்களா, தேதிக்காகவான்னு பாத்துத்தான் சொல்ல முடியும். நான்னா பெரிய பக்கத்துக்குத் திருப்புவேன்.

ஊட்டி ஹோம்ஸ்டே:

கைடுல 'பல்லாண்டுப் பக்கம்'னே எழுதிடறேன். கவாத்துக்கும் ஆண்டுப் புதுப்பிப்புக்கும் நடுவுல நிக்கிறேன், கோத்தகிரி தம்பி, உங்க ஊர்ல நாலு பேர்கிட்ட கேட்டுட்டு சொல்லுங்க. அந்த இ-பாஸ் வரிய மொதல்ல வெட்டிட்டு வர்றேன்.

கூடலூர்:

அப்ப மஞ்சப்பை வேண்டாமா?