மூன்றாம் வகுப்புக்கு நானே எழுதிய கதை: கடினமா, எளிதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

மாலைவகுப்பு

மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு எடுக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு கதை எழுதியிருக்கிறேன். கொடுப்பதற்கு முன்பு அவர்கள் மட்டத்துக்குச் சரியாக இருக்குமா என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்துக்கு இருக்கும் ஃப்ளெஷ்-கின்கெய்ட் கணக்கைத் தமிழுக்குப் போட்டால் எது கொடுத்தாலும் கல்லூரியைத் தாண்டிய மட்டம் என்றே வருகிறது. ஒரு வாக்கியம் இது:

"வயலோரத்தில் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாட்டுக்குட்டி, திடீரென்று பெய்யத் தொடங்கிய மழையைக் கண்டு அஞ்சி, அருகிலிருந்த ஆலமரத்தடியில் தஞ்சமடைந்தது."

வாக்கிய நீளத்தையும் சொற்களின் பழக்கத்தையும் வைத்துத் தமிழுக்கென்று ஏதாவது வழி உண்டா?

குட்டிவாக்கியம்

சுலபம். ஒரு வாக்கியத்தில் ஆறு சொல்லுக்கு மேல் வைக்காதீர்கள். உங்களுடையதில் பன்னிரண்டு இருக்கிறது, இரண்டாக வெட்டுங்கள். சொல் நீளமாக இருந்தால் நடுவில் இடம் விட்டு எழுதுங்கள். "மேய்ந்து கொண்டு இருந்த" என்று பிரித்தால் தீர்ந்தது.

செல்விஅம்மா

என் பேத்தி இரண்டாவது படிக்கிறாள். ர, ற இரண்டும் அவளுக்குக் குழப்பம். கதைப் புத்தகம் எழுதுகிறீர்களே, இதற்கு ஏதாவது பயிற்சி இருந்தால் சொல்லுங்கள் தம்பி.

பழையவாத்தியார்

செல்வி அம்மா, அது எழுத்துப் பயிற்சி சம்பந்தப்பட்டது. தனி இழையாகப் போடுங்கள், பதில் சொல்கிறேன்.

மாலைவகுப்பு, அந்த ஆங்கிலக் கணக்கை விட்டுவிடுங்கள். அது ஒரு சொல்லுக்கு எத்தனை அசை என்பதை 11.8-ஆல் பெருக்குகிறது. ஆங்கிலத்தில் ஒன்றரை அசை வருகிற இடத்தில் நமக்கு வேற்றுமை உருபு, துணைவினை, காலம் எல்லாம் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டு வரும். உங்கள் வாக்கியத்தைக் கையால் போட்டுப் பார்த்தேன்: 12 சொல், 52 அசை, விடை நாற்பதாம் வகுப்பு! எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

எண்ண வேண்டியவை இரண்டுதான். வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை எழுத்து. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். குட்டிவாக்கியம் சொன்ன மாதிரி இடம் விட்டுப் பிரித்தால் சொல் குட்டையாகும், சொற்களின் எண்ணிக்கை ஏறும். ஒரு பக்கம் குறைத்தது மறுபக்கம் கூடும்.

கணினியில் எண்ணும்போது கவனம். "பாட்டி" நமக்கு மூன்று எழுத்து, பைத்தானில் len போட்டால் 6 என்று காட்டும். துணைக்கால், புள்ளி எல்லாவற்றையும் தனியாக எண்ணிவிடும். கீழே உள்ளது அவற்றைத் தள்ளிவிட்டு எண்ணும்:

```python
import re, unicodedata
text = open("kathai.txt", encoding="utf-8").read()
for s in re.split(r"[.!?]+", text):
    w = re.findall(r"[\u0B80-\u0BFF]+", s)
    if w:
        n = sum(unicodedata.category(c) == "Lo" for c in "".join(w))
        print(len(w), round(n / len(w), 1), s.strip())
```

உங்கள் வாக்கியத்துக்கு `12 6.2` என்று வரும். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலிருந்து ஒரு கதைப் பாடத்தையும் இதே கோப்பில் தட்டச்சு செய்து ஓட்டிப் பாருங்கள். இவ்வளவு இருந்தால் சரி என்று பொதுவாக ஓர் எண்ணைச் சொல்வதைவிட, அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே படிக்கிற பாடத்தோடு ஒப்பிடுவதுதான் நம்பகமானது.

மாலைவகுப்பு

நன்றி சார், ஓட்டினேன். மாற்றி எழுதியது இது:

"வயல் ஓரம் ஒரு ஆட்டுக்குட்டி மேய்ந்தது. திடீரென்று மழை வந்தது. குட்டி பயந்துவிட்டது. பக்கத்தில் ஒரு ஆலமரம் இருந்தது. குட்டி அதன் அடியில் போய் நின்றது."

ஐந்து வாக்கியம், 19 சொல். சொல்லுக்குச் சராசரி நான்கு எழுத்து. வேடிக்கை என்னவென்றால் மொத்த எழுத்து முதலில் 74, இப்போது 76. படிக்க வேண்டிய அளவு குறையவே இல்லை.

அப்புறம், சொற்களின் பழக்கத்தை எப்படிப் பார்ப்பது? பாடநூல் பிடிஎஃப்பிலிருந்து சொற்பட்டியல் எடுக்கப் பார்த்தேன். நகலெடுத்து ஒட்டினால் பழைய எழுத்துரு போலிருக்கிறது, எல்லாம் குப்பையாக வருகிறது.

பழையவாத்தியார்

பட்டியல் கிடைத்தாலும் பாதி வேலைதான் நடக்கும். பட்டியலில் "மரம்" இருக்கும், கதையில் "மரத்தடியில்" இருக்கும். கணினி அதைத் தெரியாத சொல் என்று காட்டும். நூறு சொல் கதைக்குக் கையாலேயே செய்துவிடலாம். சந்தேகமான சொற்களை மட்டும் எழுதிக்கொண்டு, நான்கைந்து பிள்ளைகளிடம் வாயால் சொல்லுங்கள். "இதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லு" என்று கேளுங்கள். அர்த்தம் கேட்டால் தலையாட்டிவிடும், வாக்கியம் கேட்டால் ஏமாற்ற முடியாது. "பயந்து" உடனே வரும். "அஞ்சி"க்கு "அஞ்சு ரூபா" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். "தஞ்சமடைந்தது" எடுத்ததே நல்லது.

இடமும் முக்கியம். வயலோரம் என்றால் தஞ்சாவூர்ப் பக்கப் பிள்ளைக்குப் பிரச்சினையே இல்லை. சென்னை அடுக்குமாடிப் பிள்ளைக்கு அது படத்தில் பார்த்த விஷயம்.

நிலாக்கதை

நான் சிறுவர்களுக்கு எழுதுகிறவள். மன்னிக்கவும், இரண்டாவது வடிவம் எனக்குத் தந்தி மாதிரி இருக்கிறது. முதல் வாக்கியத்தில் குட்டி ஏன் மரத்தடிக்குப் போனது என்று தெரிந்தது. இதில் பயந்தது, மரம் இருந்தது, போய் நின்றது, எல்லாம் தனித்தனியாகக் கிடக்கிறது. காரணத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. எண் குறைந்துவிட்டது, புரிந்துகொள்ளும் வேலை கூடிவிட்டது.

குட்டிவாக்கியம்

ஆனால் படிக்கத் திணறுகிற பிள்ளைக்கு முதலில் வாக்கியத்தின் கடைசி வரை போய்ச் சேர முடிய வேண்டுமே அக்கா. முதல் வடிவத்தில் வினைமுற்று பன்னிரண்டாவது சொல்லாக வருகிறது. அதற்குள் ஆரம்பம் மறந்துவிடும்.

பழையவாத்தியார்

இரண்டு பேர் சொல்வதும் நடக்கிறதுதான். எங்கே கஷ்டம் இருக்கலாம் என்று எண்கள் காட்டும், எப்படி எழுதுவது என்று சொல்லாது. கடைசி மூன்று வாக்கியங்களை இப்படி வைத்துப் பாருங்கள்: "பக்கத்தில் ஒரு ஆலமரம் இருந்தது. மழைக்குப் பயந்து குட்டி அதன் அடியில் போய் நின்றது." கடைசி வாக்கியம் ஏழு சொல்லாகிவிட்டது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல், காரணமும் உள்ளேயே இருக்கிறது. எனக்குத் தெரிந்து மூன்றாம் வகுப்பு இதைத் தாங்கும்.

கடைசியாக, பிள்ளையை வைத்தே பார்த்துவிடுங்கள். நூறு சொல் அளவுக்குச் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். தடுமாறும் சொல் ஐந்துக்குள் இருந்தால் உங்கள் உதவியோடு படிக்கலாம். பத்தைத் தாண்டினால் மாற்றி எழுத வேண்டும். இது ஆங்கில வாசிப்பில் வந்த அளவுகோல், நமக்கு அப்படியே பொருந்தாது. தமிழில் எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை "தஞ்சமடைந்தது" என்று தடங்கலில்லாமல் வாசித்துவிடும், அர்த்தம் தெரியாமலேயே. அதனால் புத்தகத்தை மூடிவிட்டு "குட்டி எதுக்கு மரத்துக்கிட்ட போச்சு?" என்று கேளுங்கள்.

மாலைவகுப்பு

ஞாயிறு வகுப்பில் மூன்று பேரை வைத்துப் பார்த்தேன். உங்கள் கடைசி வடிவத்தில் மூவருமே காரணத்தைச் சரியாகச் சொன்னார்கள். தடுமாறிய ஒரே சொல் "திடீரென்று". பேசும்போது "திடீர்னு" என்பார்கள், அச்சில் பார்த்ததும் "ரெ"யில் நின்றுவிட்டார்கள். காதுக்குப் பழகியது கண்ணுக்குப் பழகவில்லை. இந்த மாதிரிச் சொற்களை பேச்சு வழக்கிலேயே எழுதிவிடலாமா?

நிலாக்கதை

உரையாடலில் தாராளமாக. குட்டி பேசினால் "திடீர்னு மழை வந்துடுச்சு" என்றே பேசட்டும்.

பழையவாத்தியார்

எனக்கு அதில் உடன்பாடில்லை. "வந்துடுச்சு" என்பதையும் அவர்கள் அச்சில் பார்த்ததில்லை. மூன்றாம் வகுப்பில் அதிலும் தடுமாறுவார்கள். இரண்டு மாதிரியும் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்துப் பாருங்கள், எதில் அதிகம் நிற்கிறார்கள் என்று இங்கே எழுதுங்கள்.