மிதவையில் வைத்த மிசின் சரிந்த அனுபவம் யாருக்கும் உண்டா?

முத்தையன்கட்டுக்காரன்
சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க மிசினைத் தூக்கித் திரிய ஏலாதென்று பக்கத்துக் காணிக்காரர் மிதவை கட்டினார். 200 லீற்றர் நீலப் பரல் பக்கத்துக்கு இரண்டு, மேலே பலகை, நடுவில் தண்ணீர் இறைக்கிற டீசல் மிசின். ஆடுகிறதென்று நாலு பரலிலும் பாதிக்குத் தண்ணீர் விட்டார். மிசின் ஸ்ராட் ஆகி ஹோஸில் தண்ணீர் ஏறின நேரம், கூட நின்ற பெடியன் ஹோஸைப் பிடிக்க அந்தப் பக்கம் காலை வைத்தான். இரண்டு பரலும் உள்ளே போனது, திரும்பி எழும்பவேயில்லை. மிசின் பலகையில் வழுக்கிக்கொண்டு போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பெடியன் நீந்திக் கரைக்கு வந்துவிட்டான்.

மல்லாவி அண்ணை
பாதித் தண்ணீர்தான் காரணம். சரிகிற பக்கம் அதுவும் ஓடும். விட்டால் முட்ட விடவேண்டும். என்னுடைய மிதவைக்குக் கீழே மணல் மூட்டையைக் கயிற்றில் நல்ல ஆழத்துக்குத் தொங்கவிட்டிருக்கிறேன்.

வெல்டிங் பட்டறை
முட்ட விட்டிருந்தால் கரையிலேயே தாழ்ந்திருக்கும் அண்ணை. தண்ணீர் ஓடுவது உண்மை, ஆனால் ஒவ்வொரு பரலும் தனித்தனி, அதன் அகலத்துக்குள்தான் ஓடும். பெரிய காரணம் வேறு. நாலு பரலும் சேர்ந்து ஏறக்குறைய 760 கிலோ தாங்கும். மிசின், பலகை, இரண்டு ஆள் எல்லாம் 300 என்று வையுங்கள். பக்கத்துக்கு 150, தாங்கக்கூடியது 380. அதற்குள் 400 கிலோ தண்ணீர் விட்டால் பக்கத்துக்கு 350 ஆகிவிடும். மிச்சம் 30 கிலோதான். ஒரு ஆள் ஓரத்துக்கு வந்தாலே பரல் முழுதாக மூழ்கும். மூழ்கின பரல் அதற்கு மேல் ஒரு கிலோவும் கூடத் தாங்காது, அதனால்தான் எழும்பவில்லை.

அப்புறம் அந்த மணல் மூட்டை. கயிற்றில் தொங்கினால் எவ்வளவு ஆழமானாலும், கயிறு கட்டின இடத்தில் இருக்கிற பாரம் மாதிரித்தான். மிதவை சரிய மூட்டை கூடச் சரியாது, நேரே தொங்கும். இரும்புச் சட்டத்தில் இறுக்கிக் கட்டினால்தான் பலன். தண்ணீருக்குள் 50 கிலோ மணல் 30 கிலோ போலத்தான் நிறுக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். எல்லாவற்றுக்கும் முதல், பரல்களை வெளியே தள்ளிக் கட்டுங்கள். இடைவெளி இரண்டு மடங்கானால் சரிவை எதிர்க்கும் பலம் கிட்டத்தட்ட நாலு மடங்கு.

ஒட்டுசுட்டான் தம்பி
எங்களுடைய மிசின் இடைக்கிடை தண்ணீர் எடுக்காது. ஃபுட் வால்வு சேற்றில் புதைந்திருக்கும். அதற்கு ஒரு சின்னக் கானைக் கட்டி மிதக்கவிடுங்கள், பக்கத்தில் தாமரைக் கொடியையும் வெட்டிவிடுங்கள்.

மல்லாவி அண்ணை
கயிற்று மூட்டையோடு என்னுடையது இரண்டு போகம் நின்றது, தம்பி. கணக்கு எப்படியோ, நான் கண்டது அது.

வெல்டிங் பட்டறை
உங்கள் பரல் காலியாக இருக்கும் அண்ணை, அதுதான் நிற்கிறது.

முத்தையன்கட்டுக்காரன்
ஹோஸ் மூன்று இஞ்சி. தண்ணீர் நிறைந்தால் மீற்றருக்கு நாலரைக் கிலோ வரும். அதை ஓரத்தில் தொங்கவிடாமல் மிசினுக்கு நேரே நடுவால் இறக்கித் தண்ணீரில் கிடத்தச் சொல்லியிருக்கிறேன். பரலை வெளியே தள்ளவும் சம்மதித்தார். அகலம் கூடினால் மிசின் அதிர்வுக்குப் பலகை நடுவில் தொய்யாதா என்று கேட்கிறார். கீழே என்ன சட்டம் கொடுத்தால் தாங்கும்?