62,000 கி.மீ ஓடின ஸ்கூட்டிக்கு இன்ஜின் ஆயில் மினரலா, சிந்தெடிக்கா?

வடபழனிவாசி: 2011 மாடல் 110 சிசி ஸ்கூட்டி. மேனுவல்ல 10W-30னு இருக்கு. மெக்கானிக் "30 எல்லாம் குளிர் ஊருக்கு, சென்னை வெயிலுக்கு 20W-50 தான்"ங்கிறார். சிந்தெடிக் ஊத்தலாமா, மினரலே போதுமா?

நெடுஞ்சாலை: சிந்தெடிக் தான், யோசிக்கவே வேணாம். ஏர் கூல்டு இன்ஜின், சிக்னலுக்கு சிக்னல் நிக்கிற வண்டி. அந்த சூட்டுக்கு மினரல் தாங்காது. ஊத்திட்டு 6,000 கி.மீ தொடவே வேணாம்.

பழையஸ்பேனர்: சூடு தாங்கும்ங்கிறது சரி தம்பி, அந்த 6,000 தான் இடிக்குது. இந்த மாதிரி ஸ்கூட்டி பலதுல பேப்பர் ஃபில்டரே கிடையாது, வெறும் கம்பி வலைதான். உள்ள இருக்கிறதும் முக்கால் லிட்டர் சுமார். தேய்ஞ்ச இன்ஜின்ல கரியும் பெட்ரோலும் அந்த ஆயிலுக்குள்ளயே தான் சேரும். எவ்வளவு விலை உயர்ந்த ஆயிலா இருந்தாலும் அழுக்கு அழுக்குதான்.

வடபழனிவாசி, அந்த 30 ஊர் வெயிலைச் சொல்லல. ஆயில் 100 டிகிரி சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்குதுங்கிற வகுப்பு அது. முன்னாடி இருக்கிற 10W குளிர்ல எவ்வளவு இளகுதுன்னு சொல்லும். நம்ம ஊர்ல அது பெரிய விஷயமில்ல. 50ன்னா ரெண்டு படி கெட்டி. காலையில மேல வால்வு வரைக்கும் ஏற லேட்டாகும், இழுவையும் மந்தமாகும். ஆயில் குறையுதா?

அம்பத்தூர்அக்கா: என் வண்டியில பின் சக்கரத்துகிட்ட ஒழுகுதுங்க. சிந்தெடிக் ஊத்தினதாலயா?

பழையஸ்பேனர்: அது கியர் ஆயிலா இருக்கலாம்மா, அந்த அறையே தனி. எங்கிருந்து வருதுன்னு துடைச்சுட்டு முதல்ல பாருங்க.

வடபழனிவாசி: 1,500 கி.மீக்கு 200 மில்லி ஊத்தினேன். காலையில முதல் ஸ்டார்ட்ல மட்டும் நீலப் புகை, அப்புறம் இல்ல.

பழையஸ்பேனர்: அப்போ வால்வு சீல் மேலதான் என் சந்தேகம். முறுக்கும்போதெல்லாம் புகைஞ்சா ரிங். ரெண்டையும் ஆயில் மாத்தி சரி பண்ண முடியாது. எரியப்போற ஆயிலுக்கு சிந்தெடிக் காசு எதுக்கு? மினரல் 10W-30, டப்பாவுல ஜாசோ எம்பி போட்டதா வாங்கி, 2,500க்கு ஒரு தடவை மாத்துங்க. பைக்குக்குன்னு விக்கிற எம்ஏ, கிளட்ச் ஆயில்ல முங்கி ஓடுற வண்டிக்கு. நம்ம கிளட்ச் வெளிய காய்ஞ்சு கிடக்கு. நடுவுல வாராவாரம் சென்டர் ஸ்டாண்டு போட்டு ஆயில் அளக்கிற குச்சியைப் பாருங்க. பல வண்டிக்கு அதைத் திருகாம வெச்சுதான் அளக்கணும், மேனுவல்ல இருக்கும்.

நெடுஞ்சாலை: சீல் மாத்தினதும்?

பழையஸ்பேனர்: அப்போ சிந்தெடிக் போடு, ஆனா 3,000 தாண்டாதே.

நெடுஞ்சாலை: 3,000க்கு ஒரு தடவை சிந்தெடிக்கைக் கொட்டுறதுக்கு மனசு வராது அண்ணே. என் வண்டிக்கு 10W-40 போட்டேன், ஆயில் குடிக்கிறது குறைஞ்ச மாதிரிதான் தெரியுது.

பழையஸ்பேனர்: மாதிரி வேணாம். எத்தனை கி.மீக்கு எத்தனை மில்லி ஊத்தினேன்னு எழுதி வெச்சுட்டு வா, பேசலாம்.