இண்டர்வியூ அறைக்குள் சென்ட் வாசனை: உங்கள் அனுபவம் என்ன?

பங்சார்வாசி
போன வாரம் நடந்தது இன்னும் மனசை அரிக்கிறது. நான் ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருந்தேன். சின்னக் கண்ணாடி அறை, ஏர்கோன் ஓடுகிறது, கதவு சாத்தியாச்சு. வந்த தம்பி போட்டிருந்தது அந்த நீலப் பாட்டில் வகை சென்ட், எல்லோருக்கும் தெரியுமே. பதிலெல்லாம் நன்றாகத்தான் சொன்னான். ஆனால் என் பக்கத்தில் இருந்த மேலாளர் அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. நாற்காலியை மெல்லப் பின்னால் தள்ளினார், மூன்றாவது கேள்வியோடு பேனாவை மூடிவிட்டார். லிஃப்ட் வரை கூட நடந்தபோது தம்பி சொன்னான்: "எல்ஆர்டியில் வந்ததில் வாசனையே போயிடுச்சுக்கா, அதான் கீழே டாய்லெட்டில் இன்னொரு தடவை அடிச்சேன்." அது போகவே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம் என் அக்கா மகள் இண்டர்வியூ போகிறாள். என்ன போடச் சொல்லட்டும்?

கவுண்டர் அக்கா
சென்ட் கவுண்டரில் பல வருஷம் நின்றவள் நான். அந்தத் தம்பி மாதிரி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். கழுத்தில் அடித்தால் வாசனை நேராக மூக்குக்குக் கீழேயே இருக்கும், கொஞ்ச நேரத்தில் மூக்கு அதைக் கண்டுகொள்ளாது. அந்த நீல வகைகளில் பெரும்பாலும் ஆம்ப்ராக்சான் என்ற வாசனைச் சரக்கு இருக்கும், கஸ்தூரி வாசனைச் சரக்கும் சேரும். இவை மெதுவாகத்தான் ஆவியாகும். சிலருடைய மூக்குக்குச் சில கஸ்தூரிச் சரக்குகள் எட்டவே எட்டாது, பக்கத்தில் இருப்பவருக்கோ அதுவே முழு வாசனை. அதனால் "எனக்கே தெரியவில்லை" என்பதை அளவாக வைக்கக் கூடாது.

ஒரு பெண் பேங்க் இண்டர்வியூவுக்குக் கேட்டு வந்தாள். வெட்டிவேரும் நெரோலி என்ற ஆரஞ்சுப் பூ வாசனையும் கலந்த லேசான ஓ டி டாய்லெட் எடுத்துக் கொடுத்தேன். சட்டைக்கு உள்ளே, நெஞ்சில், ஒரே ஒரு தடவை. அதுவும் வீட்டை விட்டுக் கிளம்ப அரை மணி நேரம் முன்னால். முதலில் எழும் ஆல்கஹாலும் எலுமிச்சை வாசனையும் வீட்டிலேயே அடங்கிவிடும். மணிக்கட்டு வேண்டாம் என்றேன், கை கொடுத்தால் அடுத்தவர் கையில் ஒட்டும். முதல் நாளே அதே உடுப்பைப் போட்டு, வெயிலில் ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு, கதவு சாத்திய அறையில் யாரையாவது எதிரே உட்காரவைக்கச் சொன்னேன். கை நீட்டும் தூரத்தில் அவருக்கு வாசனை வந்தால் அது அதிகம். அவள் அம்மாவுக்கு வந்ததாம். அப்புறம் பார்த்தால் சென்ட்டில் குறையில்லை, பிளேசரில் பழைய கல்யாண வீட்டு ஊது, அதாவது அகில் கட்டை வாசனை ஏறியிருந்தது. டிரை கிளீனிங் கொடுத்த பிறகுதான் சரியானது.

ஜார்ஜ்டவுன்காரன்
சென்ட்டே எதற்கு? அத்தர் போடுங்கள். ஆல்கஹால் இல்லை, எகிறாது, தோலோடு ஒட்டி இருக்கும். மஸ்ஜித் இந்தியாவில் வாங்கிய சந்தன அத்தரைக் காதுக்குப் பின்னால் ஒரு தொட்டு வைத்துக்கொண்டுதான் நான் போனேன், யாரும் முகம் சுளிக்கவில்லை.

கவுண்டர் அக்கா
எகிறாது என்பது பாதி சரி தம்பி. சந்தனத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். ஊது அத்தரை அப்படி வைத்துப் பாருங்கள், காலையில் வைத்தது ராத்திரி வரை நிற்கும். துணியில் பட்டால் துவைத்தாலும் சீக்கிரம் போகாது. அதிகமாகிவிட்டால் குறைக்க வழியில்லை.

பட்டர்வொர்த் அண்ணன்
ஃபெர்ரியில் கடந்து, பஸ் மாறி, பாயான் லெப்பாஸ் போய்ச் சேரும்போதே என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. உள்ளே போனதும் அந்த அம்மா டிஷ்யூ டப்பாவை என் பக்கம் நகர்த்தினார், அதை மறக்க முடியவில்லை. எல்லோரும் சென்ட் பற்றியே பேசுகிறீர்கள், முதலில் வியர்வையைக் கவனியுங்கள். வியர்வையைக் குறைக்கும் ரோல்-ஆனைக் காலையில் அவசரமாகப் போடாதீர்கள். முந்தின ராத்திரி, அக்குள் நன்றாகக் காய்ந்திருக்கும்போது போடுங்கள். அதில் உள்ள அலுமினிய உப்பு வியர்வைத் துளையில் படிய நேரம் வேண்டும், ராத்திரிதான் வியர்வை குறைவு. காலையில் குளித்தாலும் பலன் இருக்கும். மணமில்லாததை வாங்குங்கள், இல்லையென்றால் ரோல்-ஆன் ஒரு வாசனை, சென்ட் ஒரு வாசனை என்று இரண்டும் மோதும். மேல் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, அங்கே போய் மாற்றுங்கள். பத்து நிமிஷம் ஏர்கோனில் உட்கார்ந்து உடம்பு ஆறின பிறகு மாற்றினால்தான் பயன்.

மல்லி
நான் எதுவும் அடிக்காமல் போய்த்தான் வேலை வாங்கினேன். ஆனால் தலையில் ஒரு முழம் மல்லிகை இருந்தது. கேள்வி கேட்ட சீனப் பெண்மணி "நல்ல வாசனை" என்றார். பாராட்டா, அதிகம் என்ற குறிப்பா, இன்று வரை புரியவில்லை.

கவுண்டர் அக்கா
மூடின அறையில் மல்லிகை கனமான வாசனைதான். சிலருக்கு இனிக்கும், சிலருக்குக் குமட்டும். நான் என்றால் வைக்க மாட்டேன்.

மல்லி
நான் வைப்பேன் அக்கா.

பங்சார்வாசி
அக்கா மகளிடம் சட்டையை மோந்து பார்க்கச் சொன்னேன். சென்ட் போடும் முன்பே துணி சாஃப்ட்னர் வாசனை தூக்கியடிக்கிறதாம். மணமில்லாத சோப்பில் மறுபடி அலசச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை சாத்திய அறையில் அவளுக்கு எதிரே நான் உட்காரப் போகிறேன்.