38 வயதில் கியர் பைக்: மேட்டில் வண்டி அணைந்துவிடுகிறது, உதவுங்களேன்

இன்று ஐந்தாம் நாள். சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதால் பேலன்ஸ் பெரிய தொல்லையாக இல்லை. கிளட்ச்தான் படுத்துகிறது.

முதல் இரண்டு நாள் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், முதல் கியரில் கிளட்ச்சை மட்டும் மெல்ல விட்டுப் பழகினேன். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் லேசாக இறங்கும், வண்டி முன்னால் இழுக்கும். அங்கேயே விரல்களை நிறுத்தி, நாலடி உருண்டபிறகு மீதியை விட்டால் அணைவதில்லை. சமதளத்தில் பத்துக்கு எட்டு முறை சரியாக வருகிறது.

மேட்டில்தான் மானம் போகிறது. இடது காலை ஊன்றி, வலது காலால் பின் பிரேக்கை மிதித்தபடி, சத்தம் இறங்கும்வரை கிளட்ச்சை விடுகிறேன். பிரேக்கை எடுத்ததும் இன்ஜின் நின்றுவிடுகிறது. பயந்துபோய் முறுக்கினால் வண்டி துள்ளுகிறது. பிரேக்கில் கால் இருக்கும்போதே கொஞ்சம் முறுக்கிவைக்க வேண்டுமா? எவ்வளவு?

யு டர்னும் அப்படித்தான். கிளட்ச்சை முழுதாகப் பிடித்தால் வண்டி உள்பக்கம் சாய்கிறது, முழுதாக விட்டால் வெட்டி வெட்டி இழுக்கிறது. பாதி கிளட்ச்சோடு பின் பிரேக்கை லேசாக மிதிக்கச் சொல்கிறான் தம்பி. நேற்று முன்சக்கரத்தைப் பார்க்காமல், போகவேண்டிய இடத்தைப் பார்த்தபோது ஒருமுறை ஒழுங்காகத் திரும்பியது. தினமும் அரை மணி நேரம் இப்படிப் பாதி கிளட்ச்சிலேயே பழகினால் பிளேட் சீக்கிரம் தேய்ந்துவிடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.