400 மணி நேரக் குரல் பதிவு இருந்தால் யாரும் நெருங்க முடியாதா?

தேவகோட்டை மீனா: அடகுக்கடைக்காரர் வாயால் சொன்னால் கணக்கில் ஏறும் செயலி. காரைக்குடித் தம்பிகள் இருவர் செய்தது. நம் குழுவின் முதலீட்டுக் குறிப்பில் இப்படி இருக்கிறது: “அடித்தளம், பேச்சை எழுத்தாக்கும், எல்லோருக்கும் கிடைக்கும் விஸ்பர் மாடல்தான். ஆனால் இவர்களிடம் உள்ள 400 மணி நேர அடகுக்கடைக் குரல் பதிவு வேறு யாரிடமும் இல்லை. எனவே எவரும் நெருங்க முடியாது.” இதை நம்பி 12 கோடி மதிப்புப் போடலாமா?

கணக்கர் சுப்பு: போடக்கூடாது. படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டு எழுதிச் சரிபார்க்க ஒருவருக்கு ஆறு மணி நேரம் வையுங்கள். 400க்கு 2,400 மணி நேரம். மாதம் 200 மணி நேரம் உழைக்கும் நான்கு பேர் மூன்று மாதத்தில் முடித்துவிடுவார்கள். ஆளுக்கு மாதம் 20,000 என்றால் 2,40,000 ரூபாய். கடைகளுக்குக் கொடுப்பது, ஒலிவாங்கி, அலைச்சல் எல்லாம் சேர்த்து இன்னொரு மடங்கு வைத்தாலும் ஐந்து லட்சத்தைத் தாண்டாது. ஐந்து லட்சத்தில் கட்டக்கூடிய மதிலைக் காட்டி 12 கோடி கேட்கிறார்கள்.

பள்ளத்தூர் அழகு: குறிப்பை எழுதியது நான். சுப்பு அண்ணே, பணத்தை வைத்து எண்ணிவிட்டீர்கள். நகை வாங்கும் மேசையில் ஒலிவாங்கி வைக்க எந்த முதலாளி சம்மதிப்பார்? பதினொரு கடையைச் சம்மதிக்க வைக்க அந்தப் பிள்ளைகளுக்குப் பதினாலு மாதம் ஆனது. 400 மணி நேரம் என்பது 400 மணி நேரம்தான்.

சென்னை ராம்: அடுத்தவன் மாடலில் கட்டினால் எதுவுமே நிற்காது. விளம்பர வாசகம் எழுதித்தரும் ஜாஸ்பர் கம்பெனியைப் பாருங்கள். 2022 அக்டோபரில் 150 கோடி டாலர் மதிப்பு. நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. அடுத்த ஆண்டே ஆட்குறைப்பு.

கணக்கர் சுப்பு: ராம், பாதிதான் சரி. ஜாஸ்பர் அடித்தளத்தை வாடகைக்கு எடுத்தது. வாடகைக்கு விட்டவனே பக்கத்தில் சாட்ஜிபிடி என்று கடை திறந்தான். விஸ்பர் அப்படி இல்லை. 2022 செப்டம்பரில் எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியே விட்டார்கள். கோப்பை இறக்கி நம் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம், யாரும் திரும்பப் பிடுங்க முடியாது. ஆனால் எதிராளியும் அதையே இறக்கிக்கொள்வான். அதனால் அடித்தளத்தில் நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. மேலே போட்டது எவ்வளவு பெறும் என்பதுதான் விஷயம்.

பள்ளத்தூர் அழகு: மேலே போட்டதுதான் 400 மணி நேரம்! நம்மூர்க் கடைப் பேச்சு சும்மா விஸ்பருக்குப் புரியுமா? “கல் கழிச்சு ரெண்டரை பவுன்” என்றால் அது “கால் கழிச்சு” என்று எழுதுகிறது. நகையில் இருந்த கல்லைக் கழித்ததை, கால் பவுன் கழித்ததாக ஆக்கிவிடுகிறது. நானே கடையில் நின்று பார்த்தேன். இந்தப் பிள்ளைகளின் மாடல் “கல்” என்று சரியாகப் பிடிக்கிறது. 96 சதவீதம் சரி.

கணக்கர் சுப்பு: அந்தக் கல்-கால் உதாரணம் நல்ல உதாரணம், மறுக்கவில்லை. ஆனால் 96 சதவீதம் எதில்? எல்லாச் சொற்களையும் எண்ணினால் “வாங்க, உட்காருங்க” சரியாக வந்ததும் அதில் சேரும். எடை, தொகை, வட்டி மூன்றும் ஒரு சீட்டில் ஒருசேரச் சரியாக வந்தது எத்தனை தடவை? அதைத்தான் முதலாளி கேட்பார். அப்புறம், சோதனைப் பதிவு அதே பதினொரு கடையில் எடுத்ததா?

பள்ளத்தூர் அழகு: ஆமாம். வேறு எங்கே எடுப்பார்கள்?

கணக்கர் சுப்பு: அப்படியென்றால் அந்த எண் செல்லாது. பழகின குரலையே திரும்பக் கேட்டால் எந்த மாடலும் நன்றாகத்தான் எழுதும். பயிற்சியில் இல்லாத மூன்று கடைகளை எடுங்கள். முதலில் விஸ்பரை அப்படியே ஓட்டுங்கள். பிறகு 25 மணி நேரப் பதிவில் பயிற்சி கொடுத்து ஓட்டுங்கள், பிறகு 100, பிறகு 400. நான்கையும் அதே மூன்று கடையில் சோதியுங்கள். 25க்கும் 100க்கும் நடுவில் பிழை நன்றாகக் குறைந்து, 100க்கு மேல் அசையவே இல்லை என்றால், எதிராளிக்கு 100 மணி நேரம் போதும். மீதி 300 மணி நேரம் குறிப்பில் இருக்கும் அலங்காரம். 400 வரைக்கும் பிழை இறங்கிக்கொண்டே போனால் அழகு சொல்வதில் வலு இருக்கிறது, நானே கையெழுத்துப் போடுவேன்.

இன்னொன்று. விஸ்பர் பெரிய மாடலின் இரண்டாம் பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது, மூன்றாவது 2023 நவம்பரில். இரண்டாம் பதிப்புக்கு 400 மணி நேரம் கொடுத்ததையும், மூன்றாம் பதிப்பைச் சும்மா ஓட்டியதையும் பக்கத்தில் வையுங்கள். இடைவெளி சுருங்கியிருந்தால், அடுத்த பதிப்பில் இன்னும் சுருங்கும்.

ஆத்தங்குடிக்காரர்: எங்கள் தரைக்கல்லும் அப்படித்தான். சிமெண்டும் கண்ணாடியும் ஊரெல்லாம் கிடைக்கிறது. எங்கள் மண்ணை வேறு எவனும் கொண்டுவர முடியாது. அதனால் அழகு சொல்வது சரி. 400 மணி நேரம் அவர்களின் மண்.

சென்னை ராம்: ஆத்தங்குடிப் பெயரைப் போட்டு வெளியூர்க் கல் விற்கிறதே? என் வீட்டுக்கே அதைத்தான் இறக்கினார்கள்.

ஆத்தங்குடிக்காரர்: விலை குறைவாகக் கேட்டால் அப்படித்தான் வரும். கண்ணாடித் தட்டில் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து வருகிற கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல் வாங்கியது உங்கள் தவறு. என் தொழிலைப் பற்றிப் பேசாதீர்கள்.

தேவகோட்டை மீனா: கல் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அழகு, கடைகளோடு போட்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? பதிவு யாருக்குச் சொந்தம்?

பள்ளத்தூர் அழகு: கடைக்குத்தான் சொந்தம். பயன்படுத்தும் உரிமை கம்பெனிக்கு. அதனால் என்ன, ஆச்சி? 400 மணி நேரத்தையும் சேர்த்தது இவர்கள்தானே.

கணக்கர் சுப்பு: பாருங்கள். அதே கடை நாளைக்கே அந்தப் பதிவை இன்னொருவனுக்குக் கொடுக்கலாம். உங்கள் மதிலின் சாவி பதினொரு முதலாளிகள் கையில் இருக்கிறது. குறிப்பில் இந்த வரி இல்லவே இல்லை.

நான் தேடியது வேறு. ஒரு கடை இந்தச் செயலியில் ஒரு வருடம் ஓடினால், மீட்காத அடகுச் சீட்டு எல்லாம் உள்ளே இருக்கும். எந்தச் சீட்டு எப்போது ஏலத்துக்கு, யாருக்கு அறிவிப்பு அனுப்பியாயிற்று, எவர் பாதி கட்டினார் எல்லாம். ஆயிரக்கணக்கான நடப்புச் சீட்டை நடு வருடத்தில் வேறு இடத்துக்கு மாற்ற எந்தக் கணக்குப்பிள்ளையும் சம்மதிக்க மாட்டார். நிற்கக்கூடியது அதுதான். அதைத் தெரிந்துகொள்ள, மாதச் சந்தாவைக் கொஞ்சம் ஏற்றினால் எத்தனை கடை விலகும் என்று பார்க்கவேண்டும். பதினொன்றில் எத்தனை கடை பணம் கட்டுகிறது?

பள்ளத்தூர் அழகு: நான்கு. மற்றவர்களுக்கு இலவசம், பதிவு தந்ததற்காக.

சென்னை ராம்: நான்கா! 12 கோடி மதிப்பு!

பள்ளத்தூர் அழகு: ராம், போன வருடம் நீங்கள் தலைகீழாக நின்று சிபாரிசு செய்த கம்பெனி எத்தனை மாதம் ஓடியது என்று சொல்லட்டுமா? என் பணமும் அதில் போனது.

சென்னை ராம்: அதில் உரிமையாளர்கள் ஏமாற்றினார்கள். நான் என்ன செய்வேன்? இங்கே அதைக் கொண்டுவருவது அநியாயம்.

பள்ளத்தூர் அழகு: நீங்கள் எல்லோரும் சேர்ந்து வெட்டினாலும் சொல்கிறேன். 400 மணி நேரத்தைப் புதிதாக ஒருவன் தொடங்கட்டும், பதினாலு மாதம் ஆகும். அதற்குள் இவர்கள் நூறு கடை பிடித்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் குறிப்பு இப்படியே போகும், ஒரு எழுத்தும் மாறாது.

கணக்கர் சுப்பு: போகட்டும். கூட்டத்துக்கு முன்னால் அந்த மூன்று புதுக் கடையின் முடிவை மட்டும் அனுப்புங்கள். கடை நான் காட்டுகிறேன். பயிற்சிக்குக் கணினி வாடகையும் நான் தருகிறேன்.

பள்ளத்தூர் அழகு: பிள்ளைகள் இந்த வாரம் திருவிழாவில் இருக்கிறார்கள்.

ஆத்தங்குடிக்காரர்: ராம், எந்தக் கடையில் வாங்கினீர்கள்?