எப்போதும் நிறைந்திருந்த கிண்ணம் எங்களிடம் மறைத்தது

மிளகு வீடு

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். மிளகு ஆண், ஆறு வயது. சோழி பெண், ஒன்பது வயது. இரண்டுக்கும் கருத்தடை செய்தாகிவிட்டது. நான்கு வருடங்களாக ஒரே கிண்ணத்தில் உலர் உணவைக் கொட்டி வைத்தோம். அடி தெரிந்தால் மறுபடியும் நிரப்புவோம். பசித்தபோது சாப்பிடட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவர் இரண்டையும் எடை போட்டார். மிளகு 6.2 கிலோ. சோழி 3.1 கிலோ, முந்தைய ஆண்டு 3.6 இருந்தாள். மிளகின் விலா எலும்பை விரலால் அழுத்தித் தேட வேண்டியிருந்தது. சோழிக்கோ முதுகெலும்பே கையில் தட்டியது. “யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கிண்ணம் காலியாகிறது என்பது மட்டும்தான் தெரியும்.

அன்றே சமையலறைத் தராசை எடுத்தேன். ஒரு வாரம் கிண்ணத்தில் போட்டதையெல்லாம் எடை போட்டுக் குறித்தேன். இரண்டுக்கும் சேர்த்து நாளுக்கு ஏறத்தாழ 130 கிராம் போனது. அடுத்து இருவரையும் தனித்தனி அறையில் விட்டு, அளந்த உணவை வைத்து, இருபது நிமிடம் கழித்துக் கிண்ணத்தை எடுத்து மீதியை நிறுத்தேன். மூன்றாம் நாளே விஷயம் வெளிப்பட்டது. சோழி ஓடிவந்து முகர்வாள், ஒரு மணியை வாயில் எடுப்பாள், தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பாள், மென்றுகொண்டிருக்கும்போதே அது கீழே விழும். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள், பிறகு போய்விடுவாள். பசி இருந்திருக்கிறது, பல்தான் விடவில்லை. கடைவாய்ப் பல் ஒன்று ஈறு ஓரத்தில் அரித்துப்போயிருந்தது. அதை எடுத்த பிறகு ஈர உணவில் தேறி வருகிறாள். பொதுக் கிண்ணம் இருந்தவரை அவள் விட்டதையெல்லாம் மிளகு முடித்துவிடுவான், நாங்களும் நிம்மதியாக இருந்தோம். அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

கூரைநிழல்

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கிண்ணத்தைக் குறை சொல்ல முடியுமா? என் பூனைக்குப் பதினோரு வயது. உணவு எப்போதும் வெளியில்தான் இருக்கும். நான்கு கிலோவைத் தாண்டியதே இல்லை. பூனைக்குத் தன் அளவு தெரியும். அதோடு, காட்டில் பூனைக்குத் தினமும் இரை கிடைப்பதில்லை. மிளகை வாரத்தில் ஒருநாள் பட்டினி போட்டால் எடை தானாக இறங்கும்.

பன்னிரண்டு வருடம் கிளினிக்கில்

கூரைநிழல் நண்பரே, முதல் பாதியை ஏற்கிறேன். அளவோடு நிறுத்தும் பூனைகள் உண்டு. ஒரே பூனை இருக்கும் வீடு, எடை ஆண்டுக்கணக்கில் அசையவில்லை என்றால் நானும் கிண்ணத்தை எடுக்கச் சொல்ல மாட்டேன். எத்தனை பூனை அப்படி இருக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. கருத்தடைக்குப் பிறகு உடலுக்கு வேண்டிய சக்தி குறைகிறது, பசி மட்டும் கூடுகிறது. அங்கேதான் பல பூனைகள் கணக்கைத் தவறவிடுகின்றன.

பட்டினி யோசனையைத் தயவுசெய்து யாரும் செய்துபார்க்க வேண்டாம். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாவிட்டால் உடம்பின் கொழுப்பு ஈரலில் போய்க் குவிந்துவிடும். காது உட்புறமும் ஈறும் மஞ்சளாகி, எழுந்து நடக்கத் திராணி இல்லாமல் வரும் பூனைகளைப் பார்த்திருக்கிறேன். குழாய் வழியாக வாரக்கணக்கில் ஊட்ட வேண்டியிருக்கும், எல்லாம் பிழைப்பதில்லை. ஒருநாள்தானே என்று தொடங்குவது, அந்தப் பூனை மறுநாளும் முகம் திருப்பிக்கொண்டால் எங்கே போய் நிற்கும்?

காட்டுப் பூனையைப் பற்றிச் சொன்னீர்கள். ஒரு சுண்டெலியில் ஏறத்தாழ 30 கலோரிதான் இருக்கிறது. நான்கு கிலோ பூனை ஒருநாளைக் கடத்த அப்படி ஏழெட்டாவது வேண்டும். ஆகவே பூனையின் இயல்பு சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது. அந்த இயல்புக்குக் கிண்ணம் நாள் முழுக்க நிறைந்திருக்க வேண்டியதில்லை. நாளின் அளவை முன்பே நிறுத்து ஒரு டப்பாவில் வைத்து, அதிலிருந்தே நான்கைந்து வேளையாகக் கொடுத்தால் இரண்டும் நிறைவேறும். அளவுக் கோப்பை வேண்டாம், ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து உணவு மணி கூடிவிடும். சின்ன உடம்புக்கு அது பெரிய அளவு.

மிளகு வீடு, அவனுக்கு எவ்வளவு தருகிறீர்கள்?

மிளகு வீடு

மருத்துவர் அவனுக்கு 4.8 கிலோவை இலக்காக வைத்தார். எங்கள் உணவில் 100 கிராமுக்கு 370 கலோரி என்று பையில் அச்சிட்டிருக்கிறது. நாளுக்கு 50 கிராம் என்று முடிவானது, ஆனால் ஒரேயடியாகக் குறைக்க வேண்டாம் என்றார். அவன் அதுவரை 80 கிராமாவது தின்றிருப்பான். முதலில் அளவைத் தொடாமல் வேளையை மட்டும் பழக்கினோம். பத்து நாளில் கிண்ணச் சத்தத்துக்கு வர ஆரம்பித்தான். பிறகு 70, அடுத்து 60, கடைசியில் 50. ஞாயிறுதோறும் அவனைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, என் எடையைக் கழிப்போம். ஒரு வாரம் 150 கிராம் இறங்கியபோது பயந்து தொலைபேசியில் அழைத்தேன், 60 கிராமுக்குத் திரும்பச் சொன்னார். வாரம் 50, 60 கிராம் இறங்கினால் போதுமாம். ஐந்து மாதத்தில் 5.3 கிலோ ஆகியிருக்கிறான். இப்போது ஜன்னல் திட்டுக்கு ஒரே தாவலில் ஏறுகிறான்.

புதுக்குட்டி

படித்ததும் தெளிவாகிவிட்டது. எங்கள் குட்டிக்கு மூன்று மாதம். நாளையிலிருந்து காலையும் மாலையும் மட்டும் கொடுக்கிறோம், நன்றி.

பன்னிரண்டு வருடம் கிளினிக்கில்

வேண்டாம், அது வளர்ந்த பூனைக்கான பேச்சு. மூன்று மாதக் குட்டிக்கு நாளுக்கு நான்கு வேளையாவது கொடுங்கள். வயிறு சிறியது, வளர்ச்சியோ வேகம். ஆறு மாதத்துக்குப் பிறகு வேளையைக் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

அதிகாலை நாலரை

எங்கள் அனுபவம் வேறு. வேளைக்கு மாறியதும் பூனை அதிகாலை நாலரைக்கு என் காலைக் கடிக்க ஆரம்பித்தது. எழுந்து உணவு வைத்தேன், அதுதான் என் தவறு. அடுத்த வாரம் நாலு மணிக்கே கடித்தது. பிறகு டைமர் வைத்த கிண்ணம் வாங்கி, ஐந்து மணிக்கு அது தானாகத் திறக்கும்படி வைத்தேன். இரவு படுக்கும் முன்பும் ஒரு பங்கு உண்டு. மூன்று வாரத்தில் என்னை விட்டுவிட்டுக் கிண்ணத்தின் முன்னால் காத்திருக்கக் கற்றுக்கொண்டது. ஒருநாள் பேட்டரி தீர்ந்து மூடி திறக்கவில்லை. அன்றிலிருந்து இரவில் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் தூங்குகிறேன். ஈர உணவை மட்டும் அதில் வைப்பதில்லை, சில மணி நேரத்திலேயே கெட்டுப்போகிறது.

காலை ஊசி மாலை ஊசி

எங்கள் பூனைக்குச் சர்க்கரை நோய். நாளுக்கு இரண்டு முறை இன்சுலின். சாப்பிட்டதா என்பது தெரியாமல் ஊசி போட முடியாது. சாப்பிடாத நேரத்தில் முழு அளவு போட்டால் சர்க்கரை சரிந்து வலிப்பு வரைக்கும் போகலாம். உணவு மிஞ்சினால் முதலில் மருத்துவரைத்தான் அழைக்கிறோம். கிண்ணம் நாள் முழுக்க நிறைந்திருந்த காலத்தில் இது எங்களால் முடிந்திருக்காது.

கூரைநிழல்

பட்டினி பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், அந்த ஆபத்து எனக்குத் தெரியாது. கிண்ணத்தை மட்டும் எடுக்கப் போவதில்லை, என் பூனை ஒன்றுதான், நன்றாக இருக்கிறது. ஆனால் இன்று காலை நிரப்பும்போது முதல் முறையாக நிறுத்துப் போட்டேன், 55 கிராம். நாளை இதே நேரத்தில் மீதியை நிறுத்துப் பார்ப்பேன்.

மிளகு வீடு

அப்படியே விலாவையும் தடவிப் பாருங்கள். பதினோரு வயதில் எடை அசையாமலே சதை குறைந்து கொழுப்பு ஏறுமா என்று எனக்குச் சந்தேகம். கிளினிக்கில் இருந்தவர் சொன்னால் நன்றாக இருக்கும்.

பன்னிரண்டு வருடம் கிளினிக்கில்

குறையும். வயதான பூனைக்கு முதலில் கரைவது முதுகெலும்பின் இருபுறச் சதைதான், தராசு அதைச் சொல்லாது. தடவிப் பாருங்கள், நண்பரே. எலும்பு முண்டுகள் விரலில் தனித்தனியாகப் பட்டால் இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள்.